புராஜெக்ட் மேனேஜரும் புராடக்ட் மேனேஜரும்: ஒரே வேலையில் இருவரின் நாளும் எப்படிப் பிரிகிறது?

கேள்வி: கே.எல்.லில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் பிசினஸ் அனலிஸ்டாக இருக்கிறேன். இப்போது இரண்டு கம்பெனிகளில் நேர்காணலுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள், ஒன்று புராஜெக்ட் மேனேஜர், இன்னொன்று புராடக்ட் மேனேஜர். எங்கள் ஆபீசில் இரண்டு பேரையுமே "பிஎம்" என்றுதான் சொல்கிறோம். காலையிலிருந்து சாயங்காலம் வரை இவர்கள் உண்மையில் என்ன செய்கிறார்கள், எங்கே வேறுபடுகிறார்கள்?

பதில்: பட்டியல் போட்டுச் சொன்னால் இரண்டும் ஒன்று போலத்தான் தெரியும். இருவரும் கூட்டம் நடத்துவார்கள், இருவரும் ஜிராவைத் திறந்து வைத்திருப்பார்கள், இருவரும் டெவலப்பர்களிடம் கேள்வி கேட்டுக்கொண்டே இருப்பார்கள். ஆகவே ஒரே வேலையை எடுத்துக்கொண்டு, அதில் யார் எதைக் கையில் எடுக்கிறார் என்று பார்ப்போம். மலேசியாவில் எல்லோருக்கும் தெரிந்த வேலை ஒன்று இருக்கிறது: இ-இன்வாய்ஸ்.

வருமான வரி வாரியம், அதாவது நாம் ஹசில் என்று சொல்வது, இ-இன்வாய்ஸைக் கட்டம் கட்டமாகக் கட்டாயமாக்கியது. ஆண்டு விற்பனை 100 மில்லியன் ரிங்கிட்டைத் தாண்டிய நிறுவனங்களுக்கு 2024 ஆகஸ்ட் 1. 25 மில்லியனுக்கு மேல் 100 மில்லியன் வரை உள்ளவர்களுக்கு 2025 ஜனவரி 1. 5 மில்லியனுக்கு மேல் 25 மில்லியன் வரை உள்ளவர்களுக்கு 2025 ஜூலை 1. இந்த மூன்றாவது கட்டத்தில்தான் பெரிய மினி மார்க்கெட்டுகள், மொத்த மளிகை வியாபாரிகள், இரண்டு மூன்று கிளை வைத்திருக்கும் துணிக்கடைகள் வந்தார்கள்.

பினாங்கு பாயான் லெப்பாஸில் ஒரு கம்பெனி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கடைகளுக்கான கல்லா மென்பொருள் செய்து விற்கிறது. நான்கு டெவலப்பர்கள், ஒரு டெஸ்டர், வாடிக்கையாளர் உதவிக்கு இரண்டு பேர், ஒரு புராடக்ட் மேனேஜர், ஒரு புராஜெக்ட் மேனேஜர். மூன்றாவது கட்டத்துக்குள் வரும் வாடிக்கையாளர்கள் 62 பேர். வேலை 2025 மார்ச் 3 திங்கட்கிழமை தொடங்குகிறது. கம்பெனியும் அதன் எண்ணிக்கைகளும் விளக்கத்துக்காக நான் வைத்தவை. தேதிகளும் ஹசில் விதிகளும் உண்மையானவை.

புராஜெக்ட் மேனேஜர் முதலில் நாட்காட்டியை எடுக்கிறார்

ஜூலை 1 செவ்வாய்க்கிழமை. அதற்கு முந்தைய வெள்ளி ஜூன் 27, அவால் முஹர்ரம் விடுமுறை. பிறகு சனி, ஞாயிறு. எனவே நிஜமான கடைசி நாள் ஜூன் 30 இல்லை. ஏதாவது உடைந்தால் சரிசெய்ய ஆள் இருக்கும் கடைசி நாள் ஜூன் 26 வியாழன். திங்கட்கிழமையை அவசரத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். இந்த ஒரு கண்டுபிடிப்பு திட்டத்தையே நான்கு நாள் முன்னால் இழுத்துவிடுகிறது. நல்ல புராஜெக்ட் மேனேஜர் இதை மார்ச் முதல் வாரத்திலேயே சொல்வார். ஜூன் மாதம் சொன்னால் அது வெறும் செய்தி, யாருக்கும் பயன்படாது.

அங்கிருந்து அவர் பின்னோக்கி எண்ணுகிறார். 62 கடைகளுக்கும் போட்டுக்கொடுக்க ஜூன் 16 முதல் 26 வரை ஒன்பது வேலை நாள். அதற்கு முன் ஐந்து கடைகளில் மூன்று வாரம் சோதனை ஓட்டம், மே 26 தொடக்கம். ஆகவே புதிய புரோகிராம் கோடு எழுதுவது மே 23-இல் நின்றாக வேண்டும். மார்ச் 3 முதல் மே 23 வரை 12 வாரம், 60 நாள். அதில் நுஸுல் குர்ஆன், ஹரி ராயா இரண்டு நாள், தொழிலாளர் தினம், வெசாக் என்று ஐந்து விடுமுறை. மிச்சம் 55. நான்கு டெவலப்பர் என்றால் 220 ஆள்-நாள். இரண்டு பேர் ராயா வாரத்தின் மீதி மூன்று நாளும் லீவு கேட்டிருக்கிறார்கள், 214. பழைய வெர்ஷனில் வரும் கோளாறுகள், கூட்டங்கள் என்று ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். கையில் நிற்பது சுமார் 171 ஆள்-நாள்.

டெவலப்பர்களிடம் உட்கார்ந்து ஒவ்வொரு துண்டுக்கும் மதிப்பீடு வாங்கினால் கூட்டல் 190 வருகிறது. 19 நாள் இடிக்கிறது.

இங்கே நிறுத்திப் பாருங்கள். இதுவரை அவர் செய்ததில் மென்பொருள் எப்படி இருக்க வேண்டும் என்ற முடிவு எதுவும் இல்லை. தேதி, ஆள், விடுமுறை, மதிப்பீடு, ஒன்று முடிந்தால்தான் தொடங்கக்கூடிய இன்னொன்று, இவைதான். 19 நாள் இடிக்கிறது என்பதை முதல் வாரத்திலேயே தெரிந்துகொண்டு, அதை மறைக்காமல், சரியான ஆளின் மேசையில் கொண்டுபோய் வைப்பதுதான் அவருடைய வேலையின் உயிர்நாடி. எதை வெட்டலாம் என்று அவரே முடிவு செய்தால் அங்கேதான் தவறு தொடங்குகிறது. அது பெரும்பாலும் அவருக்குத் தெரியாத கணக்கு.

அந்தக் கணக்கு புராடக்ட் மேனேஜரிடம் இருக்கிறது

இவர் அதே வாரத்தில் வேறு இடங்களில் இருந்திருக்கிறார். இரண்டு நாள் ஹசிலின் வழிகாட்டியை வரிவரியாகப் படித்திருக்கிறார். ஒரு நாள் பட்டர்வொர்த்தில் ஒரு மினி மார்க்கெட்டில் கல்லாவுக்குப் பக்கத்தில் நின்றிருக்கிறார். ஒருவர் பில்லில் தன் கம்பெனி பெயர் வேண்டும் என்று கேட்கிறார். கல்லாவில் இருக்கும் பெண் திரும்பிச் சொல்கிறார்: "அண்ணே, பின்னாடி ஆறு பேர் நிக்கிறாங்க. இவரோட வரி நம்பர், பதிவு நம்பர், விலாசம் எல்லாத்தையும் நான் இப்போ அடிச்சேன்னா எல்லாரும் கூடையை வெச்சிட்டுப் போயிடுவாங்க."

அதனால்தான் முதல் திட்டத்தில் ஒரு க்யூஆர் பக்கம் இருந்தது. ரசீதின் அடியில் க்யூஆர் அச்சாகும், வாங்கியவர் வீட்டுக்குப் போய்த் தானே விவரங்களை நிரப்புவார், கல்லாவில் வரிசை நிற்காது. நல்ல யோசனை. டெவலப்பர் மதிப்பீடு 32 நாள்.

இப்போது 19 நாள் பற்றாக்குறை மேசைக்கு வருகிறது. புராடக்ட் மேனேஜர் ஐந்து கடைகளின் ஒரு மாத ரசீதுகளை எடுக்கச் சொல்கிறார். மொத்தம் 41,000 ரசீது. அதில் கம்பெனி பெயர் கேட்டவை சுமார் 300, ஆயிரத்துக்கு ஏழு. மற்றதெல்லாம் பெயர் சொல்லாமல் வாங்கிப் போனவர்கள். அவர்களுடைய ரசீதுகளை மாதக் கடைசியில் திரட்டி, ஒருங்கிணைந்த இ-இன்வாய்ஸாக, மாதம் முடிந்து ஏழு நாட்காட்டி நாட்களுக்குள் அனுப்பலாம் என்பது விதி. இன்னொரு விதியும் இருக்கிறது. இந்த மூன்று கட்டங்களுக்கும் முதல் ஆறு மாதம் ஒரு தளர்வு உண்டு. அந்தக் காலத்தில் வாங்குபவர் தனி இ-இன்வாய்ஸ் கேட்டாலும் ஒருங்கிணைந்ததிலேயே சேர்த்துக்கொள்ளலாம். இந்த 62 கடைகளுக்கு அந்தத் தளர்வு 2025 டிசம்பர் 31 வரை.

இந்த மூன்றையும் ஒன்றாக வைத்துத்தான் அவர் முடிவெடுக்கிறார். க்யூஆர் பக்கம் ஜூலை 1-க்கு வேண்டாம், அக்டோபருக்குப் போகட்டும். 190-இல் 32 கழிந்தால் 158. கையில் 171 இருக்கிறது. 13 நாள் மூச்சுவிட இடம் கிடைக்கிறது.

இந்த முடிவுக்குக் கணக்கு மட்டும் போதாது. கல்லாவில் நின்ற ஒரு நாள் இல்லாமல், வழிகாட்டியில் தளர்வைப் பற்றிய பக்கத்தைப் படிக்காமல், 41,000 ரசீதை எண்ணாமல் எடுத்திருந்தால் வேறு ஏதாவது வெட்டுப்பட்டிருக்கும். திரும்பக் கொடுத்த பொருளுக்கான கிரெடிட் நோட்டை வெட்டியிருக்கலாம். அது 25 நாள், பார்த்தால் அதுவும் 19-ஐ மூடும். ஆனால் ஒவ்வொரு கடையிலும் தினமும் பொருள் திரும்ப வரும். அது இல்லாமல் ஒருங்கிணைந்த தொகையே தப்பாகப் போகும். தாளில் பார்த்தால் இரண்டும் பெட்டிகள்தான். எந்தப் பெட்டி இல்லாமல் கடை ஓடாது என்று தெரிந்திருப்பதற்குத்தான் புராடக்ட் மேனேஜருக்குச் சம்பளம்.

ஒரு விலக்கும் அவர் குறித்து வைக்கிறார். 62 பேரில் நான்கு பேர் கட்டுமானப் பொருள் விற்கும் ஹார்ட்வேர் கடைக்காரர்கள். கட்டுமானப் பொருள் விற்பனைக்கு ஒருங்கிணைந்த இ-இன்வாய்ஸ் வழக்கமாக அனுமதி இல்லை, ஒவ்வொரு விற்பனைக்கும் தனித்தனியாகப் போக வேண்டும். தளர்வு முடிந்தால் இவர்களுக்கு க்யூஆர் பக்கம் இல்லாமல் சமாளிக்க முடியாது. எனவே "அக்டோபர்" என்பது ஒத்திவைத்துப் பிறகு மறந்துபோகிற தேதி அல்ல, டிசம்பர் 31 அதன் பின்னால் நிற்கிறது. இதை அவர் புராஜெக்ட் மேனேஜரிடம் எழுத்தில் கொடுக்கிறார். அவர் அதை அடுத்த திட்டத்தின் முதல் வரியாகப் போட்டுக்கொள்கிறார்.

ஒரு துண்டை அருகில் வைத்துப் பார்த்தால்

ஏப்ரல் மாதம். ஒருங்கிணைந்த இ-இன்வாய்ஸ் எழுதப்படுகிறது. அதைத் தயாரிக்க ஹசில் மூன்று வழி கொடுக்கிறது. ஒவ்வொரு ரசீதையும் தனி வரியாகப் போடலாம். அல்லது தொடர் எண் கொண்ட ரசீதுகளை "இந்த எண்ணிலிருந்து இந்த எண் வரை" என்று ஒரே வரியாகப் போடலாம், தொடர் அறுந்தால் புது வரி. அல்லது கிளைவாரியாகத் தனித்தனியே அனுப்பலாம். எதை எடுப்பது?

கடைக்கு எது வசதி என்பது புராடக்ட் மேனேஜரின் கேள்வி. அவர் முதலில் ரசீதுக்கு ஒரு வரி என்றுதான் நினைத்தார், கணக்காளர் சரிபார்க்க அதுதான் எளிது. ஆனால் மூத்த டெவலப்பர் ஒரு தடையைக் காட்டுகிறார். ஹசிலின் இ-இன்வாய்ஸ் தளமான மைஇன்வாய்ஸ் ஒரு ஆவணத்துக்கு 300 கிலோபைட்தான் ஏற்கும். ஒரு முறை அனுப்புவதில் அதிகம் போனால் 100 ஆவணம், மொத்தம் 5 மெகாபைட். ஒரு கடைக்கு மாதம் 8,000 ரசீதுக்கு மேல். ஒவ்வொன்றையும் ஒரு வரியாக எழுதினால் சில நூறு வரியிலேயே 300 கிலோபைட் நிறைந்துவிடும். ஒரு கடையின் ஒரு மாதத்துக்கே பல பல ஆவணங்களாக உடைக்க வேண்டிவரும். தொடர் எண் வழியை எடுத்தால், தனி இ-இன்வாய்ஸ் போன ரசீதுகள் மாதம் 60 என்றால், அந்த அறுபது இடத்தில் தொடர் அறும். மூன்று கல்லா இருந்தால் மூன்று தொடர். 63 வரிக்குள் முடிந்துவிடும், ரத்தான ரசீதுகளால் இன்னும் சில வரி கூடலாம். அப்போதும் ஒரே ஆவணத்தில் அடங்கும்.

அதை முடிவாக எடுத்து, புராடக்ட் மேனேஜர் ஜிராவில் எழுதுகிறார். அது ஏறக்குறைய இப்படி இருக்கும்:

"கடை உரிமையாளர் மாத முடிவில் ஒரே பொத்தானில், தனியாக இ-இன்வாய்ஸ் போகாத எல்லா ரசீதுகளையும் திரட்டி அனுப்ப முடிய வேண்டும். தனியாகப் போன ரசீது இதில் இரண்டாம் முறை வரக்கூடாது. ரத்து செய்த ரசீது தொடரை அறுக்க வேண்டும், தொகையில் சேரக்கூடாது. வாங்குபவரின் வரி எண் `EI00000000010`, வகைக் குறியீடு `004`. ஹசிலிடமிருந்து `Valid` என்று வரும் வரை திரையில் பச்சை நிறம் காட்டக்கூடாது."

கடைசி வரியைப் பாருங்கள். மைஇன்வாய்ஸுக்கு ஆவணத்தை அனுப்பினால் முதலில் "வாங்கிக்கொண்டேன்" என்றுதான் பதில் வரும். சரிபார்ப்பு அதற்குப் பிறகு நடக்கும். நிலை `Submitted` என்று நின்று, பிறகு `Valid` அல்லது `Invalid` ஆகும். முதல் பதிலையே வெற்றி என்று திரையில் காட்டிவிட்டால், கடைக்காரர் அனுப்பியாயிற்று என்று நிம்மதியாகத் தூங்கப் போவார், பின்னால் அது `Invalid` ஆகிக் கிடக்கும், ஏழு நாள் கெடுவும் போய்விடும். டெவலப்பரைப் பொறுத்தவரை அனுப்பிவிட்டோம் என்பது முடிந்த வேலை. கடைக்காரருக்கு `Valid` வந்தால்தான் முடிந்த வேலை. எது "முடிந்தது" என்று முன்கூட்டியே எழுதி வைப்பது புராடக்ட் மேனேஜரின் அன்றாட வேலையில் பெரிய பங்கு. இதை அவர் எழுதாவிட்டால், நேரமில்லாத ஒரு மாலையில் யாராவது ஒரு டெவலப்பர் தன் யூகத்தில் முடிவு செய்துவிடுவார்.

அதே ஏப்ரலில் புராஜெக்ட் மேனேஜரின் கையில் வேறு ஒரு தாள் இருக்கிறது. அவருடைய இடர் பதிவேட்டில் ஒரு வரி: "ஒவ்வொரு கடை உரிமையாளரும் மைடேக்ஸ் வழியாக மைஇன்வாய்ஸுக்குள் போய் நம் கம்பெனியை இடைத்தரகராக நியமிக்க வேண்டும். நியமிக்காத கடைக்கு நம்மால் எதையும் அனுப்ப முடியாது. பொறுப்பு: உதவிக்குழு. கடைசி நாள்: மே 30."

இது புரோகிராம் கோடு இல்லை, யாரும் இதற்கு மதிப்பீடு கொடுக்கவில்லை, டெவலப்பர் பட்டியலில் எங்கேயும் இல்லை. ஆனால் திட்டத்தைக் கவிழ்க்கக்கூடியது இதுதான். ஏன் ஜூன் மாதத்துக்கு விடக்கூடாது என்பதற்கும் அவரிடம் கணக்கு இருக்கிறது. உதவிக்குழுவில் இரண்டு பேர், ஒருவர் ஒரு நாளில் நிதானமாக நான்கு கடைகளை முடிக்கலாம். ஒன்பது நாளில் 72 கடை. சோதனைக் கடை ஐந்து போக மிச்சம் 57 தானே, போதும் போலத் தெரிகிறது. ஆனால் சோதனைக்கு எடுத்த ஐந்து கடைகளில் இரண்டில் முதல் அழைப்பில் வேலை முடியவில்லை. ஒருவருக்கு மைடேக்ஸ் கடவுச்சொல் மறந்துபோயிற்று. இன்னொரு கடையில் இயக்குநர் அண்ணன், கடையைப் பார்த்துக்கொள்வது தம்பி, தம்பியால் இயக்குநராக உள்ளே போக முடியாது. ஐந்தில் இரண்டுக்கு மறு அழைப்பு என்றால் 57 கடைக்கு ஏறக்குறைய 80 அழைப்பு. 72-இல் அடங்காது. ஆகவே நியமிக்கும் வேலையைத் தனியாகப் பிரித்து மே மாதமே தொடங்கச் சொல்கிறார். மென்பொருள் தயாராகாமலே அதைச் செய்யலாம் என்பதைக் கேட்டுத் தெரிந்துகொண்டவர் அவர்தான்.

கெடாவில் இருக்கும் கடைகளைப் பற்றியும் ஒரு குறிப்பு வைத்திருப்பார். சுங்கை பட்டாணியில் வார விடுமுறை வெள்ளி, சனி. அவர்களுக்கு ஞாயிறு வேலை நாள், பினாங்கில் உதவிக்குழு வீட்டில் இருக்கும். ஜூன் 29 ஞாயிறு ஒருவர் பணியில் இருக்க வேண்டும் என்று மே மாதமே ஏற்பாடு செய்கிறார்.

ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை

இப்போது நீங்கள் கேட்ட நாளுக்கு வருகிறேன். மே மாதம் நடுவில் ஒரு நாளை எடுத்துக்கொள்வோம்.

புராஜெக்ட் மேனேஜர் ஒன்பதரைக்குப் பதினைந்து நிமிட நின்றபடிக் கூட்டத்தில் இருக்கிறார். கிரெடிட் நோட் இரண்டு நாளாக ஒரே இடத்தில் நிற்பதைக் கவனிக்கிறார். கூட்டம் முடிந்ததும் அந்த டெவலப்பரிடம் போய்க் கேட்கிறார். ஹசிலின் சோதனைத் தளத்தில் டிஜிட்டல் கையெழுத்து ஏற்கப்படவில்லை, சான்றிதழ் விற்றவரிடமிருந்து பதில் வரவில்லை. உடனே விற்றவருக்குப் போன் போடுகிறார், பதில் வரும் வரை அந்த டெவலப்பர் வேறு எதைத் தொடலாம் என்று பார்க்கிறார். பிற்பகலில் 62 கடைப் பட்டியலைத் திறந்து, நியமனம் முடிந்தவை எத்தனை, அழைத்தும் கிடைக்காதவை எத்தனை என்று எண்ணுகிறார். நிர்வாகத்துக்கு அரைப்பக்க நிலை அறிக்கை எழுதுகிறார்: எது திட்டப்படி, எது பிந்துகிறது, பிந்தினால் எந்தத் தேதி தள்ளும், யாரிடமிருந்து என்ன முடிவு வேண்டும். எல்லாம் பச்சை என்று எழுதுகிற அறிக்கை யாருக்கும் உதவாது. மே மாதத்தில் சிவப்பு என்று எழுதத் துணிந்தவரால்தான் ஜூனில் ஆட்களைக் காப்பாற்ற முடியும்.

புராடக்ட் மேனேஜர் அதே கூட்டத்தில் இருப்பார், ஆனால் பெரும்பாலும் கேட்டுக்கொண்டு மட்டும். பிறகு டெஸ்டரோடு உட்கார்ந்து, முடிந்தது என்று சொன்ன ரத்து செய்யும் திரையைக் கையில் எடுத்துப் பார்க்கிறார். விதிப்படி 72 மணி நேரத்துக்குள்தான் ரத்து செய்யலாம், அதற்குப் பிறகு கிரெடிட் நோட்தான் வழி. திரையில் 73-ஆம் மணியிலும் "ரத்து" பொத்தான் தெரிகிறது, அழுத்தினால் பிழை வருகிறது. கடைக்காரருக்கு அந்தப் பிழை புரியாது. பொத்தானை மறைத்து, கிரெடிட் நோட்டுக்குப் போகும் வழியைக் காட்டச் சொல்கிறார். மதியத்துக்கு மேல் விற்பனைக் குழு வருகிறது: கிள்ளானில் ஒரு பெரிய வாடிக்கையாளர் கிடைக்கும், ஆனால் வாட்ஸ்அப்பில் இன்வாய்ஸ் அனுப்பும் வசதி ஜூலைக்குள் வேண்டுமாம். அவர் மறுக்கிறார், ஏன் என்று விளக்குகிறார், யாருக்கு எப்போது என்று தன் ரோட்மேப்பில் குறிக்கிறார். நாளில் ஒன்றிரண்டு முறையாவது "இப்போது இல்லை" என்று சொல்லாத புராடக்ட் மேனேஜரின் பட்டியல் ஆறு மாதத்தில் யாராலும் படிக்க முடியாத நீளத்துக்குப் போய்விடும்.

மாலையில் இருவரும் அரை மணி நேரம் சந்திப்பார்கள். இந்தச் சந்திப்பு இல்லாத கம்பெனியில் டெவலப்பர்கள் இரண்டு தலைவர்களுக்கு நடுவே மாட்டிக்கொள்வார்கள். ஒருவர் "வெள்ளிக்குள் முடி" என்பார், மற்றவர் "இதையும் சேர்" என்பார். அதனால் கட்டாயம் இருக்க வேண்டிய ஒரு ஒழுங்கு: வேலையைக் கூட்டவோ குறைக்கவோ புராடக்ட் மேனேஜர் நினைத்தால், டெவலப்பரிடம் போகும் முன் புராஜெக்ட் மேனேஜரிடம் நாள் கணக்கைக் கேட்க வேண்டும். தேதி நழுவும் என்று புராஜெக்ட் மேனேஜருக்குத் தெரிந்தால், தானாக ஏதும் வெட்டாமல் புராடக்ட் மேனேஜரிடம் கேட்க வேண்டும்.

ஜூலைக்குப் பிறகு

வித்தியாசம் இங்கே எல்லாவற்றையும்விடத் தெளிவாகத் தெரியும். ஜூலை முதல் வாரத்தில் புராஜெக்ட் மேனேஜர் திட்டத்தை மூடுகிறார். 62 கடையில் எத்தனை ஓடுகிறது, பாக்கிப் பட்டியல் என்ன, உதவிக்குழுவிடம் என்ன ஒப்படைத்தோம், எந்த மதிப்பீடு எவ்வளவு தவறியது என்று எழுதி முடித்து, அடுத்த திட்டத்துக்குப் போகிறார்.

புராடக்ட் மேனேஜருக்கு அப்போதுதான் பரீட்சை தொடங்குகிறது. ஜூலை மாத ரசீதுகளின் ஒருங்கிணைந்த இ-இன்வாய்ஸ் ஆகஸ்ட் 7-க்குள் போக வேண்டும். உண்மையான முதல் சுமை அந்த ஏழு நாளில்தான். எத்தனை கடை முதல் முயற்சியிலேயே `Valid` வாங்கியது, எத்தனை பேர் ஏழாம் நாள் இரவு வரை இழுத்தார்கள், எத்தனை பேர் உதவிக்குழுவைக் கூப்பிட்டார்கள், எந்தத் திரையில் நின்றுபோய்க் கூப்பிட்டார்கள் என்று பார்ப்பார். ஆறு கடை மாதக் கடைசிப் பொத்தானைத் தேடிக்கொண்டே இருந்ததாகத் தெரிந்தால், தேதிப்படி முடிந்த திட்டத்தில் அது தோல்விதான். திட்டம் நேரத்துக்கு முடிந்தது என்பதும் மென்பொருள் வேலை செய்கிறது என்பதும் வேறு வேறு கேள்விகள். முதலாவதற்கு ஒருவர் பதில் சொல்ல வேண்டும், இரண்டாவதற்கு மற்றவர்.

நம் ஊரில் நேரும் குழப்பம்

சிறிய கம்பெனிகளில் இரண்டையும் ஒருவரே செய்வதுண்டு. முடியாத காரியம் இல்லை. ஆனால் தேதி உள்ள வேலை தேதி இல்லாத வேலையைத் தின்றுவிடும். பட்டர்வொர்த் கடையில் போய் நிற்க யாரும் கெடு வைக்கவில்லை, நிலை அறிக்கைக்கு வெள்ளிக்கிழமை கெடு இருக்கிறது. மூன்று மாதத்தில் அந்த ஆள் முழு புராஜெக்ட் மேனேஜராக மாறியிருப்பார், பெயரில் மட்டும் புராடக்ட் இருக்கும். இப்படி ஆகிவிட்டதா என்று கண்டுபிடிக்க ஒரே கேள்வி போதும்: கடைசியாக வாடிக்கையாளரின் இடத்துக்கு, பயிற்சி கொடுக்கவோ புகார் கேட்கவோ அல்லாமல், சும்மா பார்த்துவர எப்போது போனார்?

இன்னொன்று, கே.எல்.லில் நிறைய சாஃப்ட்வேர் கம்பெனிகள் வங்கிக்கும் அரசுத் துறைக்கும் ஒப்பந்தத்தில் செய்து கொடுப்பவை. அங்கே என்ன செய்ய வேண்டும் என்பது ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கும். வாடிக்கையாளர் சோதித்துக் கையெழுத்துப் போட்டால்தான் பணம் வரும். அங்கே புராஜெக்ட் மேனேஜர்தான் நாயகம். கையெழுத்து பிந்தினால் கம்பெனியின் பணவரவே பிந்தும் என்பதால் அந்த வேலையின் கனம் அதிகம். அப்படிப்பட்ட இடத்தில் புராடக்ட் மேனேஜர் என்று ஆள் தேடினால், அது உங்கள் இப்போதைய பிசினஸ் அனலிஸ்ட் வேலையே புதுப் பெயரில் வருவதாக இருக்கலாம். சொந்த மென்பொருளைப் பல பேருக்கு விற்கும் கம்பெனியில்தான் அந்தப் பதவிக்கு அதிகாரம் இருக்கும்.

ஆகவே இரண்டு நேர்காணலிலும் பதவிப் பெயரை விட்டுவிட்டு நடந்ததைக் கேளுங்கள். புராடக்ட் மேனேஜர் வேலைக்கு: "போன ஆறு மாதத்தில் செய்ய வேண்டாம் என்று நீங்கள் நிறுத்திய ஒரு வசதி எது, நிறுத்தியவர் யார்?" நிறுத்தியவர் எப்போதும் முதலாளி அல்லது விற்பனைத் தலைவர் என்றால், அந்தப் பதவியில் முடிவெடுக்கும் உரிமை இல்லை, நீங்கள் தேவைகளை எழுதிக் கொடுப்பவராகத்தான் இருப்பீர்கள். புராஜெக்ட் மேனேஜர் வேலைக்கு: "கடைசியாகத் தேதி தள்ளிப்போன திட்டத்தில், தள்ளும் என்பது முதலில் எந்த மாதம் தெரிந்தது, யார் சொன்னார், சொன்ன பிறகு என்ன மாறியது?" சொன்ன பிறகு எதுவும் மாறவில்லை, எல்லோரும் சனிக்கிழமையும் வந்தார்கள் என்று பதில் வந்தால், அங்கே அந்த வேலை எச்சரிப்பதற்கு இல்லை, பழியை வாங்கிக்கொள்வதற்கு.

பிசினஸ் அனலிஸ்டாக இருந்ததில் இரண்டுக்குமான பாதித் திறமை உங்களிடம் இருக்கிறது. உங்கள் கடைசி மூன்று வேலைகளை எடுத்து, எந்தக் கேள்வி உங்களை இரவில் தூங்கவிடாமல் செய்தது என்று பாருங்கள். "இதை யார் எப்போது முடிப்பார்" என்பதா, "இது அவர்களுக்கு உண்மையில் வேண்டுமா" என்பதா? முதலாவது என்றால் புராஜெக்ட் நேர்காணலுக்கு, நீங்கள் கையாண்ட ஒரு தாமதத்தை நாள் கணக்கோடு எழுதி எடுத்துப் போங்கள். இரண்டாவது என்றால் புராடக்ட் நேர்காணலுக்கு முன் அந்தக் கம்பெனியின் மென்பொருளைப் பயன்படுத்தும் ஒரு கடையைக் கண்டுபிடித்து, அரை நாள் அங்கே நின்று பார்த்துவிட்டுப் போங்கள்.